ஸ்லைடு குத்தாத தலை

மேரி படியேறி வரும் சத்தம் கேட்டாலே எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும் போலிருக்கும். அவள் மேல் கோபமெல்லாம் இல்லை. அவள் தலையைப் பார்த்தால்தான் அலுப்பு.

என் பார்லர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இருக்கிறது. பதினாறு படி. நாளெல்லாம் நின்று நின்று என் காலில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்துக் கிடக்கிறது. நாற்காலியோ பம்ப் கெட்டுப் போய், உட்கார்ந்தவரோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். புருவம் எடுத்து முடிப்பதற்குள் ஆள் என் இடுப்புக்குக் கீழே போயிருப்பாள். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. என்னை மார்த்தாள் அக்கா என்று எல்லாரும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, முழங்காலுக்குத்தான் குறைச்சல்.

மேரிக்கு முப்பத்தாறு வயசு. வாலாஜாபாத் போகிற ரோட்டில் சிப்ஸும் முறுக்கும் பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஒரே பெண், நிஷா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அந்த நிஷாதான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நெற்றியை மூடிப் புருவம் வரைக்கும் முடி தொங்கும் ஃப்ரிஞ்ச்.

“எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்? ஊரு சிரிக்கப் போவுது,” என்று மேரி வாயால் சொன்னாளே தவிர, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆசைதான். இழுத்து இழுத்துப் பின்னிப் நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் முடி கழன்று ஏறியிருந்தது. அதை மறைக்க வேண்டும் என்ற ஏக்கம் அவளுக்கு ரொம்ப நாளாக இருந்திருக்கும். வெட்டிவிட்டேன். நன்றாகவே இருந்தது. அஞ்சு வயசு குறைந்த மாதிரி சிரித்தாள்.

கம்பெனிக்குப் போகும்போது ஃப்ரிஞ்சை மேலே தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்லைடு குத்தி, அதன் மேல் தலைவலை மாட்டிக்கொள்வாள். பொங்கல் வரை பேஜார் இல்லாமல் ஓடியது. பொங்கல் கழித்து யாரோ வெளியூரிலிருந்து சோதனைக்கு வந்தார்களாம். முறுக்குப் பாக்கெட்டில் ஒரு ஸ்லைடு விழுந்தால் கம்பெனி பேர் நாறிப் போகும் என்று எழுதிவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து தலையில் ஸ்லைடு, ஊசி, கிளிப், எதுவும் கூடாது. பிளாஸ்டிக்கும் கூடாது, உடைந்து விழுமாம். வாசலில் புருஷோத்தமன் என்று ஒரு சூப்பர்வைசர் நிற்பான். ஒட்டுகிற உருளையால் தோளையும் முதுகையும் உருட்டிப் பார்ப்பான். வலைக்கு வெளியே ஒரு முடி தெரிந்தாலும் ஸ்லிப் எழுதுவான். மூன்று ஸ்லிப் வந்தால் வேலை போச்சு.

இதுதான் அவளுடைய கஷ்டம். புருவம் வரைக்கும் வெட்டிய முடி, வலைக்குள் தங்காது. குனிந்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். பின்னலுக்குள் அடங்கவும் நீளம் போதாது. வளர்ந்துதான் ஆக வேண்டும். வளர்கிற வரைக்கும் குத்தவும் கூடாது.

“அக்கா, இது வளந்து ரெண்டு பக்கமும் கன்னத்துக்கு வர்ற மாதிரி லேயரா ஆயிட்டா போதும்க்கா. காதுக்குப் பின்னால தள்ளிக்கினு வலைய போட்டுக்குவேன். வூட்டுல அவுத்து வுட்டா அழகாவும் கீது,” என்றாள் பிப்ரவரியில். பாவம், அழகையும் விட மனசில்லை.

“ஆறு வாரத்துக்கு ஒருக்கா வா. நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். ஸ்லைடு தினம் ஒரே இடத்தில் கவ்வினால் முடி அங்கேயே முறிந்துவிடும். கம்பெனியில் கூடாதென்ற பிறகும் மேரி வீட்டில் குத்திக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு ஓரத்திலும் அப்படி முறிந்து, ஃப்ரிஞ்சில் ஓட்டை ஓட்டையாக நெற்றி தெரிந்தது. கண்ணை மறைக்கிறது, கொஞ்சம் சரி பண்ணிவிடு என்று உட்கார்ந்தாள். நுனியை மட்டும் தட்டிவிட்டேன். அப்போதும் ஓட்டை தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. உடனே சீப்பு வாலால் பின்னாலிருந்து ஒரு கீற்று முடியை முன்னால் இழுத்துப் போட்டு, மற்றதோடு சேர்த்துப் புருவ மட்டத்துக்கு வெட்டினேன். ஓட்டை அடைபட்டது. மேரிக்குச் சந்தோஷம். எனக்கும் அடுத்த ஆள் காத்திருந்தாள்.

அந்தக் கீற்று, இடுப்பு வரைக்கும் பின்னலில் போய்க்கொண்டிருந்த முடி. சிவனே என்று கிடந்ததை நான் இழுத்து வந்து குட்டையாக்கினேன். மார்ச் கடைசியிலும் அதே மாதிரி ஒரு கீற்று. மே மாசமும் ஒரு கீற்று. ஓட்டை அடைக்கிறேன் ஓட்டை அடைக்கிறேன் என்று, குட்டை முடியின் எல்லையை உச்சந்தலையை நோக்கி நகர்த்திக்கொண்டே போனேன். போதாததற்கு, வளர்ந்ததையும் ஒவ்வொரு முறையும் மட்டம் தட்டினேன். முடி மாசத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். அந்த அரை அங்குலத்தையும் என் கத்தரி தின்றது.

மே மாசம் வெட்டி முடித்து, மேலிருந்து அவள் தலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ரிஞ்சுக்காக முன்னால் இரண்டு விரல்கடை ஆழத்துக்குப் பிரித்தெடுத்த முக்கோணம், நாலு விரல்கடையைத் தாண்டி இருந்தது. இருபது வருஷம் கத்தரி பிடித்தவள், நேற்றுப் பழக வந்தவள் செய்கிற தப்பைச் செய்திருக்கிறேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்பதெல்லாம் சும்மா. மானம் போய்விடும் என்று பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். “ஒனக்கு முடி கொஞ்சம் மெதுவா வளருது மேரி,” என்று வேறு ஒரு வார்த்தையைச் சேர்த்துப் போட்டு அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் அந்த வாயில் நானே சூடு வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சரிந்தாள். நாற்காலியும் அவளோடு சேர்ந்து புஸ்ஸென்று இறங்கியது.

“ரெண்டாவது ஸ்லிப்பும் வாங்கிட்டேன்க்கா.”

“எப்பம்மே?”

“வெள்ளிக்கெயம. வேர்த்து ஊத்துது, வலை மேல ஏறிக்கிச்சி. முன்னாடி முடி பூரா வெளிய வந்துட்டுது. அந்த ஆளு ஒண்ணுமே பேசல, எயுதி கையில குடுத்துட்டான். இன்னும் ஒண்ணு வந்தா அவ்ளோதான். இத்த வுட்டா எனக்கு வேற இன்னா கீது? நிஷாவ காலேஜில சேக்கணும்.”

நான் அவள் தோளில் துண்டைப் போர்த்தினேன்.

“நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. மருந்துக்கடையில முடி வளர்ற மாத்திரன்னு குடுத்தான், அத்த துன்றேன். கருவேப்பில அரச்சிக் குடிக்கிறேன். வெங்காயச் சாறு தடவி, லைன்ல பக்கத்துல நிக்கறவ மூக்கப் பொத்திக்கினா. இத்தினி மாசத்துல ஒரு இம்மியும் வளரல. ஒடம்புலயே ஏதோ கோளாறு போல கீது. சத்து இல்லாத ஒடம்பு. எங்கம்மாவுக்கும் இப்டித்தான்.” மூச்சு விட்டாள். “அதான் முடிவு பண்ணிட்டேன். செப்டம்பர்ல வேளாங்கண்ணி போறேன். மொட்ட போட்டுக்கறேன்னு நேந்துகினேன். மொட்டத் தலைக்கு எவன் ஸ்லிப்பு எயுதுவான்? தொல்ல வுட்டுது.”

“எல்லா முடியையுமா?”

“கழுத, போவட்டும். எனக்கு அலுத்துப் போச்சிக்கா. காலைல நாலு மணிக்கு எய்ந்து சோறாக்கறதா, இந்த நெத்தி முடியோட மல்லுக்கட்டறதா?”

அந்தப் பின்னல் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி கனம். அவள் தலையில் ஆண்டவன் குறையில்லாமல் கொடுத்தது அது ஒன்றுதான். என் தப்புக்கு அது போகப் போகிறது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

“ஒன் ஒடம்புல ஒரு கோளாறும் இல்ல மேரி. கோளாறு என் கையிலதான்,” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கைக்கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பின்னலை அவிழ்த்து, குட்டையாக இருந்ததை எல்லாம் ஒரு கையில் சேர்த்துத் தூக்கிப் பிடித்தேன். அது எங்கே முளைத்திருக்கிறது என்று வேரில் சீப்பு வாலை வைத்துக் காட்டினேன்.

“இங்க பாரு. கிறிஸ்துமஸுக்கு நான் வெட்டினது இதுவரைக்கும்தான், ரெண்டு விரக்கட. இது பிப்ரவரியில நான் பின்னாலேருந்து இஸ்தது. இது மார்ச்சுல. இது மே மாசம். எல்லாம் நீட்டு முடி. ஓட்டைய அடைக்கிறேன்னு நான்தான் வெட்டி வெட்டி முன்னால போட்டேன். வளர்றத மட்டம் தட்டினதும் நான்தான்.”

மேரி கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தன் விரலை வைத்து ஒரு தடவை அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

“அப்போ என் முடி வளந்துகினுதான் இருந்துச்சா?”

“வளந்துது.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

இதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். “மே மாசம்,” என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. “மே மாசம்,” என்று திருப்பிச் சொன்னாள். “என் முடி வளரலன்னு மாதா கிட்ட முட்டி போட்டு அயுதேனே அக்கா. என் ஒடம்ப நானே கரிச்சிக் கொட்டிக்கினு கெடந்தேனே. மாதா இன்னா நெனச்சிருப்பாங்க?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மன்னிச்சிடு மேரி.”

“அத்த அப்பால பாக்கலாம். இப்போ இத்த இன்னா பண்றது, அத்தச் சொல்லு.”

சொன்னேன். இனிமேல் குட்டை முடி முடிகிற இந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு முடியைத் தொடக்கூடாது. மட்டம் தட்டக்கூடாது. வீட்டில்கூட ஸ்லைடு போடக்கூடாது, முறிந்த இடம் அப்போதுதான் தேறும். முன்முடிக்கு எண்ணெய் வேண்டாம், திரி திரியாகி நெற்றியில் ஒட்டும். காலையில் முன்முடியை மட்டும் வேர் வரைக்கும் நனைத்து, ஃபேனுக்கு எதிரே நின்று, சீப்பால் ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வாரி உலர்த்த வேண்டும். முன்னால் விழுந்தே பழகிய வேர் அப்போதுதான் மசியும். பாதி உலர்ந்ததும் துளி கற்றாழை ஜெல் தொட்டு, நடுவகிடு எடுத்துப் பின்னுக்குத் தள்ளி, அகலமான பருத்திப் பட்டை ஒன்றை வலைக்கு அடியில் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டையையும் தினம் ஒரே இடத்தில் இறுக்கக்கூடாது. கன்னத்து எலும்பு வரைக்கும் வர அஞ்சு மாசம், மோவாய்க்கு வர ஒன்பது பத்து மாசம்.

“பத்து மாசமா?” என்றாள். “ஒரு புள்ளையே பெத்துடலாம்.”

“மொட்ட போட்டா மறுபடி இடுப்புக்கு வர ஆறேழு வருசம் ஆவும்.”

“நேந்துகினேனே. சாமி கிட்ட சொன்ன வார்த்தைய மாத்த சொல்றியா?”

“ஃபாதர் கிட்ட கேளு. பின்னல் நுனியில மூணு விரல் நறுக்கிக் குடு. மாதா கோவிச்சிக்க மாட்டாங்க. கோவிச்சிக்கினா அது என் மேலதான்.”

அன்றைக்கு நடுவகிட்டில் இருந்த கொஞ்சத்தை விட்டுவிட்டு, இரண்டு ஓரத்தின் நுனியை மட்டும் கத்தரியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக் கொத்திவிட்டேன், நேர்க்கோடு கலையட்டும் என்று. வெட்டுகிற வரைக்கும் மேரி பின்முடியைத் தன் முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். திருடன் பக்கத்தில் உட்கார்ந்தவள் பையைப் பிடிக்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சொல்ல என்ன வாய் இருக்கிறது?

அதற்கப்புறம் ஆறு வாரம், எட்டு வாரம் என்று வந்துகொண்டிருந்தாள். செப்டம்பரில் வந்தபோது மொட்டை போட்டிருக்கவில்லை. பின்னல் நுனி மட்டும் குட்டையாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது. முன்முடி கண்ணைத் தாண்டிப் பாதி மூக்குக்கு இறங்கியிருந்தது. அதுதான் ரொம்பக் கெட்ட கட்டம். கண்ணைக் குத்தும், மூக்கில் உரசும், நூறு பேரில் தொண்ணூறு பேர் அங்கேதான் பொறுமை போய் மறுபடி வெட்டிக்கொள்வார்கள். மேரி வெட்டச் சொல்லவில்லை. நுனியை மட்டும் கொத்தச் சொன்னாள், முஷ்டியை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முடி கன்னத்து எலும்புக்கு வந்தது. நடுவகிட்டிலிருந்து இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி பிரிந்து விழுந்தது. பிப்ரவரியில் காதுக்குப் பின்னால் நின்றது. நெற்றியிலிருந்தே ஒட்டிப் பின்னிக்கொண்டு போய்ப் பெரிய பின்னலில் சேர்க்கவும் கற்றுக்கொண்டாள். ஸ்லைடு முறித்த இடத்தில் புது முடி வந்துவிட்டது.

பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் புருஷோத்தமனைத் திட்டித் தீர்ப்பாள். இப்போது வருவாள், உட்காருவாள், போவாள். கறுத்துப் போயிருந்தாள். கேட்டால், “வெயிலு,” என்பாள். என் மேல் மனசு ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆற வேண்டும் என்று என்ன கட்டாயம்? வேலையாவது நிலைத்ததே, அந்தப் புண்ணியம் எனக்கு இருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

இந்த மே மாசம் கடைசியில் வந்தாள். கரண்ட் இல்லை. ஜன்னல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை அவிழ்த்தேன். முன்முடி மோவாயைத் தொட்டிருந்தது. ஒரு வேலைதான் பாக்கி. மோவாயில் நிற்கும் முடிக்கும் இடுப்பு வரை போகும் முடிக்கும் நடுவே ஒரு படி தெரிந்தது. காதோரத்து நீள முடியில் கொஞ்சம் எடுத்து, மோவாயிலிருந்து தோளுக்கு மேல் வரைக்கும் சாய்வாக வெட்டிச் சேர்த்துவிட்டால் லேயர் முழுசாகிவிடும். அந்த நீளம் வலைக்குள்ளும் அடங்கும், பின்னலிலும் அடங்கும். ஆனால் அதற்கு நீள முடியை வெட்ட வேண்டும்.

“ஓரத்துல நீட்டு முடி கொஞ்சம் எடுக்கணும் மேரி. காட்டிட்டுத்தான் எடுப்பேன்,” என்றேன். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

காட்டினேன். இரண்டு பக்கமும் விரல் தடிமனுக்கு ஒரு கீற்று. கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். “அவ்ளோதானே? எடு,” என்றாள்.

எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இனிமே ஒன் கம்பெனி கேட்டுல எவனும் ஒன்ன ஒரு வார்த்த கேக்க முடியாது பாரு,” என்றேன்.

“எந்த கேட்டுல?”

“ஒன் கம்பெனிதான். அந்தப் புருஷோத்தமன்.”

“அங்க போயி பத்து மாசம் ஆவுதுக்கா,” என்றாள் மேரி. “நீ சொன்ன மறுவாரமே மூணாவது ஸ்லிப்பு குடுத்துட்டான். பட்ட கட்டிக்கினுதான் போனேன். வலைய அவுக்க சொன்னான். முன்னாடி இத்தினி குட்ட முடிய வச்சிக்கினு லைன்ல நிக்கக் கூடாதுன்னுட்டான்.”

பத்து மாசம். மே மாசமே நான் சொல்லியிருந்தால் முன்முடியைப் பின்னுக்குப் பழக்க அவளுக்கு இரண்டு மாசம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். மூன்றாவது கீற்றை வெட்டிய நான், அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்த ஸ்லிப்பே வராமல் போயிருக்கலாம்.

“அப்போ இத்தினி நாளா இன்னா பண்ண?”

“களை எடுக்கப் போனேன். நாத்து நடப் போனேன். நூறு நாள் வேலைக்குப் போனேன். இன்னா கெடச்சிதோ அது.” கறுத்த கையை மடியில் திருப்பிப் போட்டாள். “நிஷா ஒரு வருசம் வூட்டுல நின்னா. இந்த வருசம் சேக்கணும்.”

“ஏன்டி ஏங்கிட்ட சொல்லல? இத்தினி வாட்டி வந்தியே!”

மேரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அது எனக்குக் கோபத்தை விட மோசமாக இருந்தது.

“சொன்னா நீ அயுவ. அயுதுகினே வெட்டுவ. ஒன் அயுக எனக்கு இன்னாத்துக்குக்கா? எனக்கு முடி வோணும்.”

இத்தனை நாளும் அவள் என்னிடம் பார்த்துப் பார்த்து மறைத்திருக்கிறாள், நான் என் மானத்துக்காக மறைத்தேன், அவள் தன் தலைக்காக மறைத்தாள்.

“நாளைக்கு காலைல ஒரு பன்னு கம்பெனில ஆள் எடுக்கறாங்க. தலைய அவுத்துப் பாத்துட்டு, வலைய போட்டுக் குனிய சொல்லி, அப்பாலதான் உள்ள வுடுவாங்களாம். ஒரு முடி வெளிய வரக் கூடாது. வெட்டு.”

கீற்றை விரல் இடுக்கில் எடுத்தேன். கத்தரி ஆடியது. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் ஆடியது. மேரி கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அரிவாள் பிடித்துக் காய்த்துப் போன கை.

“மொதல்ல இது நிக்கட்டும்,” என்றாள். “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கடைசி பஸ்ஸு எட்டரைக்குத்தான்.”

கை நின்ற பிறகு வெட்டினேன்.